கைதட்டல் பேச்சாளருக்குப் போய்ச் சேர: அறிமுகவுரையை முடித்துக்கொடுக்கும் முறை

பவானிக்கு அருகே ஓர் ஊரில், திருமண மண்டபத்தில் நடந்த விழா. வாய்க்கால் பாசனம் பற்றிப் பேச வந்திருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அறிமுகம் செய்யும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. ஐந்து நிமிடம் பேசினேன். அவரைப் பற்றி நானே எழுதிய நான்கு வரிக் கவிதையைக் கடைசியில் சொல்லி, "வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன், வணக்கம்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது ஓயவில்லை. பிறகு தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கும்படி அறிவித்துவிட்டு, "அடுத்ததாக சிறப்புரை" என்றார். பொறியாளர் எழுந்து நடந்தார். பலகை மேடையில் அவருடைய காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒருவரும் கை தட்டவில்லை. அவருக்குத் தட்ட வேண்டியதை என்னிடமே தட்டி முடித்திருந்தார்கள். எழுபது வயதுக்காரர், அந்த மௌனத்துக்குள் நடந்து வந்து, கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப முதல் பத்து நிமிடத்தைச் செலவழித்தார்.

அன்றிலிருந்து மற்றவர்களின் அறிமுகவுரைகளை, குறிப்பாக அவற்றின் கடைசி அரை நிமிடத்தை, கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். கோபிசெட்டிபாளையத்தில் நூலக வாசகர் வட்டம், பெருந்துறையில் பள்ளி ஆண்டு விழா, திருப்பூரில் ஒரு சங்கத்தின் வெள்ளி விழா என்று எங்கே போனாலும் இதே தவறு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசி அரை நிமிடத்தைச் சரிசெய்வது எப்படி என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். அறிமுகவுரையின் மற்ற பகுதிகளுக்குள் போகவில்லை.

கூட்டம் எங்கே கை தட்டுகிறது

பேசுகிறவர் யார், பேசப்படுகிறவர் யார் என்று எடைபோட்டுக் கூட்டம் கை தட்டுவதில்லை. குரல் "முடிந்தது" என்று எங்கே காட்டுகிறதோ அங்கே தட்டுகிறது. கவிதையின் கடைசி வரி, மேற்கோளின் முடிவு, "நன்றி, வணக்கம்" ஆகிய மூன்றும் முடிவின் அடையாளங்கள். இவற்றில் எது வந்தாலும் கை தானாக எழும். அந்த நேரத்தில் மைக்கின் முன்னால் நிற்பவர் யாரோ, கைதட்டல் அவருக்குத்தான்.

எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான். முடிவின் அடையாளம் பேச்சாளரின் பெயரில் விழ வேண்டும். அதற்கு முன்னால் எங்கும் விழக்கூடாது, பின்னால் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. சொல்வதற்கு எளிதாகத் தெரிகிறது. ஆனால் தமிழில் இதற்கு ஒரு தடை இருக்கிறது.

பெயருக்குப் பின்னால் வரும் சொற்கள்

தமிழ், வாக்கியம் வினைச்சொல்லில் முடியும் மொழி. "அழைக்கிறேன்" கடைசியில் வரும், பெயர் நடுவில் மாட்டிக்கொள்ளும். நம் மேடைகளில் வழக்கமாக ஒலிக்கும் வாக்கியத்தைப் பாருங்கள். பேச்சாளர்களின் சொந்தப் பெயரை இங்கே எழுத விரும்பாததால், பெயர் வர வேண்டிய இடத்தில் "பெயர்" என்றே போடுகிறேன்.

"பல்வேறு சிறப்புகளுக்கு உரிய பொறியாளர் (பெயர்) அவர்களை, கலிங்கராயன் வாய்க்கால் என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றித் தருமாறு விழாக் குழுவின் சார்பில் அன்புடன் அழைத்து அமர்கிறேன், நன்றி."

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, மரியாதையிலும் குறை இல்லை. ஆனால் "அவர்களை" என்ற சொல்லுக்குப் பிறகு 14 சொற்கள் இருக்கின்றன. "அவர்களை" என்பதில் உள்ள ஐ உருபைக் கேட்டதுமே காதுக்குத் தெரிந்துவிடும், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று. அதனால் பெயரைக் கேட்டதும் யாரும் தட்டமாட்டார்கள், காத்திருப்பார்கள். காத்திருந்து எங்கே தட்டுகிறார்கள்? "அமர்கிறேன், நன்றி" என்ற இடத்தில். அந்த வினைக்கு எழுவாய் "நான்". கைதட்டலும் அந்த "நான்" மேலேயே போய் விழுகிறது.

இதைத் திருத்த வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். நம் பேச்சில் அது புதிதல்ல. "வந்துட்டாருங்க மாமா" என்று வீட்டு வாசலில் சொல்வது இதே அமைப்புத்தான். மேடையில் அது இப்படி வரும்:

"கலிங்கராயன் வாய்க்காலின் வளைவுகளைப் பற்றி நம்மிடம் பேச வருகிறார், பொறியாளர் (பெயர்) அவர்கள்."

இப்போது பெயருக்கு உருபு இல்லை. எழுவாயும் அவர்தான், வாக்கியத்தின் கடைசியில் நிற்பவரும் அவர்தான். அழைப்பு என்ற மரியாதை குறைந்துவிட்டது என்று விழாக் குழுவில் மூத்தவர்கள் வருத்தப்பட்டால், அதைத் தனி வாக்கியமாக முன்னால் வைத்துவிடுங்கள்: "விழாக் குழுவின் சார்பில் அவரை அன்போடு அழைக்கிறேன்." அதற்குப் பிறகு மேலே உள்ள வாக்கியம். அழைத்தலும் நடந்தது, பெயரும் கடைசியில் நின்றது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு ஒருமுறைகூட மறுப்புச் சொன்னதில்லை.

"அவர்கள்" என்பதை வெட்டிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கொங்குப் பகுதி மேடையில் வேண்டாம். வயதில் மூத்தவரை வெறும் பெயரோடு நிறுத்தினால் கேட்கிறவர்களுக்கு உறுத்தும். அந்த உறுத்தலில் கைகள் ஒரு நொடி தயங்கும். சிக்கல் அந்தச் சொல்லில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் "அவர்கள்" வரும்போது குரலைக் கீழே இறக்கி, பாதியை விழுங்கிவிடுகிறார்கள். பெயரில் எந்த உயரத்தில் குரல் இருக்கிறதோ அதே உயரத்தில் அந்தச் சொல்லையும் சொல்லி முடித்து, சட்டென நிறுத்துங்கள்.

முன்னதாகவே பேசி வைக்க வேண்டியவை

விழா தொடங்கும் முன் தொகுப்பாளரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும். உங்களுக்கும் பேச்சாளருக்கும் நடுவே அவர் மைக்குக்கு வரக்கூடாது என்பதைச் சொல்லி, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அறிமுகத்தை முடித்த பிறகு அவரும் ஒருமுறை "இப்போது சிறப்புரை" என்று அறிவித்தால், நீங்கள் எழுப்பிய கைதட்டல் நடுவில் அறுந்து போகும். கார் எண் அறிவிப்பு, சாப்பாட்டு அறிவிப்பு எல்லாம் உங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

அடுத்தது பொன்னாடை. நம் ஊர்களில் பெயர் சொன்ன உடனேயே செயலாளர் பொன்னாடையோடு குறுக்கே வருவார், பின்னாலேயே புகைப்படக்காரர் வருவார். சென்னிமலைப் போர்வையோ பவானி ஜமக்காளமோ நினைவுப் பரிசாக இருந்தால் இன்னும் சிரமம். அதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், பிறகு எங்கே வைப்பது என்று பேச்சாளர் திரும்பிப் பார்ப்பார், யாரோ ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள். கைதட்டல் போர்வைக்கும் கேமராவுக்கும் செலவாகி, பேச்சாளர் மைக்கைத் தொடும்போது மண்டபம் அமைதியாகிவிடும். பொன்னாடையை அறிமுகத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள், அல்லது உரை முடிந்த பிறகு போடுங்கள். இரண்டுமே நன்றாக இருக்கும். நடுவில் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, பேச்சாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது. மேடையில் மைக்குக்கு அடுத்த நாற்காலி என்றால் நான்கைந்து எட்டில் வந்துவிடுவார். பார்வையாளர் வரிசையில் இருந்து படியேறி வர வேண்டும் என்றால் பதினைந்து நொடிக்கு மேல் ஆகும். சாதாரணக் கைதட்டல் அவ்வளவு நேரம் நிற்காது. அவரை முன்கூட்டியே மேடைக்கு அழைத்து உட்கார வைக்கச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ள பெரியவர் என்றால் மைக்குக்கு மிக அருகே நாற்காலி போடச் சொல்லுங்கள்.

பெயரையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னெழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும், முனைவர் என்று சொல்லலாமா, ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் அவரை எல்லோரும் அறிவார்களா என்பதெல்லாம் அழைப்பிதழில் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. கடைசிச் சொல்லில் தடுமாறினால் அதற்கு முன் செய்த எல்லாமே வீணாகிவிடும்.

கடைசி வரிகளை முதலில் எழுதுங்கள்

கலிங்கராயன் வாய்க்கால் பற்றிப் பேச வந்த அதே பொறியாளரை, இரண்டாண்டு கழித்து வேறோர் அரங்கில் மறுபடியும் அறிமுகம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. இந்த முறை கடைசிப் பகுதியை முதலில் எழுதினேன்:

"13ஆம் நூற்றாண்டில், பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே கலிங்கராயன் ஓர் அணை கட்டினார். அங்கே கிளம்பும் வாய்க்கால் நொய்யல் வரைக்கும் வளைந்து வளைந்து போகிறது. நேராக வெட்டியிருந்தால் தூரம் குறைந்திருக்குமே என்று நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அதற்கான பதில் அந்த வாய்க்கால் கரையிலேயே பணி செய்த ஒருவரிடம் இருக்கிறது. விழாக் குழுவின் சார்பில் அவரை அன்போடு அழைக்கிறேன். வளைவுகளின் கணக்கைச் சொல்ல வருகிறார், பொறியாளர் (பெயர்) அவர்கள்."

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அழைப்பிதழிலும் பின்னால் தொங்கும் பிளெக்ஸிலும் அவருடைய பெயர் இருக்கிறது, யார் வரப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் பெயரைப் புதிர்போல மறைக்கும் விளையாட்டு வேண்டாம். ஆனால் இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் "அவர்", "ஒருவர்" என்று சொல்லிவிட்டுப் பெயரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பெயர் செய்தியாக வராமல் அழைப்பாக வர வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று, ஒரு கேள்வியை எழுப்பிவிட்டுப் பதிலைச் சொல்லாமல் விட்டது. பாம்பு போன வழியிலேயே வாய்க்கால் வெட்டினார்கள் என்ற கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். நிலத்தின் சம உயரக் கோட்டை ஒட்டி, மெல்லிய சரிவில் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால்தான் வாய்க்கால் வளைகிறது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கதையும் விளக்கமும் அவருடைய உரையின் சொத்து. நான் எடுத்துப் பேசினால் கைதட்டல் என் வாயிலேயே நின்றுவிடும், அவரும் தன் தொடக்கத்தை இழந்துவிடுவார். எதைத் தொடப் போகிறார் என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொண்டதால் இது எனக்குத் தெரிந்தது.

அவருடைய பட்டங்கள், விருதுகள், பணிக்காலம் எல்லாவற்றையும் இந்தப் பகுதிக்கு மேலே சொல்லி முடித்துவிட்டேன். கடைசி அரை நிமிடத்தில் ஒரு விருதின் பெயர் வந்தாலும் ஆபத்து. கூட்டம் அந்த இடத்திலேயே கை தட்டிவிடும்.

குரல், கண், கை

கடைசி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். "வளைவுகளின் கணக்கைச் சொல்ல வருகிறார்" என்று சொல்லி ஒரு மூச்சு இழுக்கும் நேரம் நில்லுங்கள். அந்த இடைவெளியில் மண்டபம் உங்களைப் பார்க்கும். பிறகு, சற்று மெதுவாகவும் மற்ற சொற்களைவிட உரக்கவும் பெயரைச் சொல்லுங்கள்.

பெயரைச் சொல்லும்போது யாரைப் பார்ப்பது? பழக்கத்தில் எல்லோரும் பேச்சாளரைத்தான் திரும்பிப் பார்க்கிறோம். அப்படித் திரும்பினால் வாய் மைக்கை விட்டு விலகி, பெயரின் பின்பாதி ஒலிபெருக்கிக்குப் போகாது. பின்வரிசைக்கு முன்னெழுத்து மட்டும் கேட்கும். பெயர் முழுவதையும் கூட்டத்தைப் பார்த்தே சொல்லுங்கள். "அவர்கள்" முடிந்த பிறகு உடம்பைப் பேச்சாளர் பக்கம் திருப்புங்கள். கூட்டத்தின் பார்வையும் உங்களோடு சேர்ந்து அந்தப் பக்கம் திரும்பும்.

திரும்பியதும் முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும். "பலத்த கரவொலி எழுப்பி வரவேற்போம்" என்று கேட்டு வாங்க வேண்டியதே இல்லை, நீங்கள் தட்டினால் முன்வரிசை தொடரும், மற்றவர்கள் அவர்களைத் தொடர்வார்கள். ஆனால் கையில் பிடிக்கும் மைக்கை வைத்துக்கொண்டே தட்டினால் ஒலிபெருக்கியில் தடதடவென்று இடி இடிக்கும். மைக்கைத் தாங்கியில் செருகிய பிறகு தட்டுங்கள். தாங்கி இல்லாத மண்டபம் என்றால் மைக்கை இடது கையில் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டி அவரை வரவேற்கும் சைகை காட்டினால் போதும். மைக்கை அணைக்க வேண்டாம். அணைத்துவிட்டுப் போனால், பேச்சாளரின் முதல் வேலை "ஹலோ, கேட்கிறதா" என்று தட்டிப் பார்ப்பதாகிவிடும்.

அவர் வந்து சேரும் வரை

மேடைப் பேச்சுக்குப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு மேசையை ஆளில்லாமல் விடமாட்டார்கள். அறிமுகம் செய்தவர் அங்கேயே கை தட்டிக்கொண்டு நிற்பார், பேச்சாளர் வந்ததும் கைகுலுக்கிவிட்டு விலகுவார். நம் மேடைக்கு அப்படியே பொருந்தும் வழக்கம் இது, கைகுலுக்கலுக்குப் பதிலாக வணக்கம் போதும்.

நிற்கும் இடத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். தட்டத் தொடங்கியதும் மைக்குக்குப் பின்னாலிருந்து ஓர் எட்டு பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். பேச்சாளர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம். அப்போது அவருக்கு நேராக வழி கிடைக்கும், இருவரும் மோதிக்கொண்டு "நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள்" என்று ஒதுங்கும் நிலை வராது. உங்கள் குறிப்புத்தாளை மேசையில் விட்டுவிடாமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மைக்கை அடைந்து கும்பிட்ட பிறகு எதிர்ப்பக்கமாகவே இறங்கிப் போங்கள். போகும்போது கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பது, தெரிந்தவருக்குக் கை காட்டுவது எதுவும் வேண்டாம்.

தவறிப்போனால்

நடுவிலேயே ஓர் இடத்தில் கூட்டம் தட்டிவிட்டதா? வணக்கம் சொல்லாதீர்கள், தலை அசைக்காதீர்கள். ஓய்ந்ததும் அடுத்த வாக்கியத்தைச் சற்று தாழ்ந்த குரலில் தொடருங்கள். குரல் தாழ்ந்தால் இன்னும் முடியவில்லை என்று தெரிந்துகொள்வார்கள், கடைசியில் உயர்த்த இடமும் கிடைக்கும்.

பெயர் சொல்லியும் பேச்சாளர் எழவில்லையா? பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார், அல்லது காது மந்தமாக இருக்கும். மைக்கில் மறுபடியும் பெயரைக் கூவினால் அவருக்குச் சங்கடம். தட்டிக்கொண்டே இரண்டு எட்டு அவர் பக்கம் நடந்து போய்க் கண்ணில் படுங்கள். மேசையை விடக்கூடாது என்ற வழக்கத்தை மீறலாம் என்று நான் நினைக்கும் ஒரே சந்தர்ப்பம் இது.

அஞ்சலிக் கூட்டத்துக்கு இந்த முறை முழுவதும் பொருந்தாது. அங்கே கை தட்டுவதில்லை. பெயரைக் கடைசியில் வைப்பதும் எதிர்ப்பக்கம் விலகுவதும் மட்டும் போதும், குரலை உயர்த்த வேண்டாம், அவர் நடந்து வரும் மௌனத்தை நிரப்பவும் வேண்டாம்.

சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள, பின்வரிசையில் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டில் போட்டு இரண்டே இடங்களைக் கேளுங்கள். முதல் கைதட்டல் பெயருக்கு முன்னால் தொடங்கியதா, பின்னால் தொடங்கியதா? பேச்சாளரின் முதல் சொல் கைதட்டலின் மேல் வந்து விழுகிறதா, மௌனத்தில் விழுகிறதா?

பொறியாளரின் இரண்டாவது கூட்டத்துப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. "அவர்கள்" என்ற சொல்லுக்கு அரை நொடி கழித்து என் கைதட்டல் தனியாகக் கேட்கிறது, அடுத்த நொடியில் மண்டபம் சேர்ந்துகொள்கிறது. கைதட்டல் ஓயத் தொடங்கும்போது அவர் குரல் அதற்குள்ளிருந்து எழுகிறது: "எல்லோருக்கும் வணக்கமுங்க. வாய்க்கால் ஏன் வளைகிறது என்று கேட்டார்கள். முதலில் அந்தப் பாம்புக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்."